காது மடல் சூடாகும் நேரம்: ஆறு வாரக் குறிப்பேடு, ஒரு நிகழ்வு ஆய்வு

அக்டோபர் இரண்டாம் வாரம். கோத்தகிரியில் வடகிழக்கு மழை தொடங்கியிருந்தது. நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தவர் உட்கார்ந்ததும் சொன்னார்: “எனக்குக் கோபம் ஜாஸ்தி அக்கா. அதைக் குறைக்க ஏதாவது சொல்லுங்க.”

வயது 39. சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையை எடை போட்டுக் கணக்கு எழுதும் ஷெட்டில் பதினோரு வருடமாக வேலை. வீட்டில் கணவர், மாமியார், கணவரின் தம்பி, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன். வாரத்தில் நாலைந்து முறை கோபம் வருகிறது, அது வந்தால் யாரிடமும் பேசுவதில்லை, ஒரு ராத்திரி முழுக்க, சில சமயம் இரண்டு நாள்கூட அந்த மௌனம் நீள்கிறது. மகன் ஒரு நாள், “அம்மா, இன்னைக்குப் பேசுவியா, பேச மாட்டியா?” என்று கேட்டிருக்கிறான். அதுதான் அவரை என்னிடம் கொண்டுவந்தது.

நான் மனநல ஆலோசகர். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில வீட்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். குறிப்பேட்டில் இருந்து எடுத்தவற்றை அவர் வாசித்துச் சரி என்று சொன்ன பிறகே இங்கே சேர்த்தேன்.

குறிப்பேடு வேண்டும் என்று நான் முடிவு செய்ததற்குக் காரணம், அவர் நாள் முழுக்கக் கணக்கு எழுதுகிறவர் என்பதுதான். நேரம், பெயர், எடை, ஈரத்துக்குக் கழித்தது என்று வரிசையாக எழுதிப் பழகிய கை அது. ஆனால் அதற்கு முன் ஒன்றைக் கேட்டேன்: வீட்டில் யாராவது அடிக்கிறார்களா, இந்த நோட்டு யார் கையிலாவது சிக்கினால் ஆபத்து உண்டா? இல்லை என்றார். உண்டு என்று சொல்லியிருந்தால் இந்த வழியையே எடுத்திருக்க மாட்டேன். அடி விழும் வீட்டில் ‘உங்கள் கோபத்தைக் கவனியுங்கள்’ என்று நோட்டைக் கொடுப்பது தவறு. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு, அதற்கு 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்துபோகிறதா என்றும் கேட்டேன். அப்படி இருந்தால் தனியாக உட்கார்ந்து எழுதுவது உதவாது. டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவிச் சேவையின் 14416 எண்ணிலோ நேரில் ஒரு மருத்துவரிடமோ பேசுவதுதான் முதல் வேலை. அந்த எண்ணமும் இவருக்கு இல்லை.

நோட்டு எண்பது பக்கக் கோடு போட்டது. இடப்பக்கத்தில் நடந்ததை மட்டும் எழுத வேண்டும். வலப்பக்கம் காலியாக இருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றேன். ஆட்களுக்குப் பெயர் வேண்டாம், ஓர் எழுத்து போதும். இரண்டு அறை வீட்டில் நோட்டை ஒளித்து வைக்க இடம் கிடையாது. ஷெட்டில் பில் புத்தகங்கள் வைக்கும் மேசை இழுப்பறையில் வைப்பதாகச் சொன்னார். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயத்தோடு எழுதுகிறவர் தன்னை நல்லவராகக் காட்டித்தான் எழுதுவார், அப்புறம் அந்தக் குறிப்பால் எந்தப் பயனும் இல்லை.

முதல் வாரத்துக்கு நான் கொடுத்த கேள்விகள் இவை:

- எப்போது, எங்கே, யார் இருந்தார்கள்?
- சுவரில் ஒரு கேமரா இருந்திருந்தால் அதில் என்ன பதிந்திருக்கும்? யார் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன்?
- உடம்பில் முதலில் எங்கே தெரிந்தது?
- அதற்கு ஒரு சொல். 0 முதல் 10 வரை ஓர் அளவு.
- பிறகு என்ன செய்தேன்? அது எவ்வளவு நேரம் நீடித்தது?

‘ஏன்’ என்ற கேள்வி இதில் வேண்டுமென்றே இல்லை. அந்தக் கேள்வியைக் கொடுத்தால் முதல் நாளே பதில் வந்துவிடும், வரும் பதில் பெரும்பாலும் ஏற்கெனவே மனசில் தயாராக இருப்பதுதான். இவரிடமும் இரண்டு தயாராக இருந்தன. இலை அதிகம் வரும் நாளில் அலுப்பு, அதனால் கோபம் என்பது ஒன்று. மாமியார் என்பது இன்னொன்று.

முதல் வாரம் ஐந்து குறிப்புகள் எழுதினார். அதில் ஒன்று:

“வியாழன், மாலை 6.40. அடுப்படி. நானும் க-வும். கேமராவில்: க உள்ளே வந்து, ‘ஞாயித்துக்கிழமை குன்னூர் போறோம், தம்பிக்குப் பொண்ணு பார்க்க’ என்றார். நான் ‘சரி’ என்றேன். உடம்பு: காது மடல் சூடு, அப்புறம் தொண்டை அடைச்சது. சொல்: கோபம். 7. செய்தது: பாத்திரம் எல்லாத்தையும் மறுபடி கழுவினேன். பேசலை. மறுநாள் காலை வரை.”

இதைப் படித்தபோது எனக்குக் கண்ணில் பட்டது ‘சரி’ என்ற அந்த ஒரு சொல். கேமராவில் பார்த்தால் சண்டை எதுவும் இல்லை. அவர் சம்மதித்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை. குறிப்பேடு எழுதுகிறவருக்கு முன்னால் ஆலோசகர் முடிவுக்கு வந்துவிட்டால், பிறகு வரும் குறிப்புகள் எல்லாம் அந்த முடிவுக்கு ஏற்றபடிதான் வரும்.

இரண்டாம் வாரம் இரண்டு கேள்விகளைச் சேர்த்தோம். “அந்த நொடியில் எனக்குள் ஓடிய வாக்கியம் என்ன? வார்த்தை மாறாமல் எழுது.” “செய்ததனால் உடனே என்ன கிடைத்தது? மறுநாள் என்ன போனது?” இரண்டாவது கேள்வி முக்கியம். ஒரு பழக்கம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அதனால் அந்த நேரத்துக்கு ஏதோ ஒன்று கிடைக்கிறது. இவருடைய பதில்: “பேசாம இருந்தா அவங்களே வந்து என்னன்னு கேக்கறாங்க.” மறுநாள் போனது: “பையன் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடக்கறான்.”

அந்த வாரத்தின் கடைசியில்தான் சிக்கல் வந்தது. ஷெட்டில் எழுத நேரம் கிடைக்கவில்லை என்று நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோய், எல்லோரும் தூங்கிய பிறகு இரவு பதினோரு மணிக்கு உட்கார்ந்திருக்கிறார். ஏழெட்டு வரி எழுதுகிறவர் அன்று நாலு பக்கம் எழுதினார், காலியாக விடச் சொன்ன வலப்பக்கத்தையும் சேர்த்து. இரண்டு நாள் அப்படி. தூக்கம் போய்விட்டது. “எழுத எழுத மனசு லேசாகும்னு சொல்வாங்களே, எனக்கு இன்னும் கனமாத்தான் ஆகுது” என்றார்.

அந்தப் பக்கங்களை வாங்கிப் பார்த்தேன். ‘ஏன் எனக்கு மட்டும்’ என்ற வரி ஐந்து இடத்தில் இருந்தது. நேரம் இல்லை, இடம் இல்லை, யாரும் எதுவும் சொன்னதாக இல்லை. ‘எப்போதும்’, ‘எல்லாரும்’, ‘ஒரு நாளும்’ என்ற சொற்கள் வரிக்கு வரி இருந்தன. மனசு ஒரே இடத்தில் செக்கு மாடு போலச் சுற்றும் நிலை இது. எழுதுவது யோசிப்பதைப் போலத் தெரிந்தாலும், புதிதாக ஒரு விவரமும் வருவதில்லை. இப்படிச் சுற்றிச் சுற்றி நினைப்பது மனச்சோர்வை நீட்டிக்கிறது என்று சூசன் நோலன்-ஹோக்சிமா என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். எட்வர்ட் வாட்கின்ஸ் அதற்குள் ஒரு பிரிவைக் கண்டார். ‘ஏன் இப்படி, நான் ஏன் இப்படிப்பட்டவள்’ என்று பொதுவாக நினைப்பது கெடுக்கிறது. ‘எப்போது, எப்படி, அடுத்து என்ன நடந்தது’ என்று ஒரு குறிப்பிட்ட நிகழ்வை விவரமாக நினைப்பது அதே அளவுக்குக் கெடுப்பதில்லை, பல நேரம் உதவுகிறது.

எழுதி முடித்ததும் கொஞ்சம் மனம் தாழ்வது இயல்பு என்பதையும் அவரிடம் சொன்னேன். ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட முதல் ஆய்வில் மாணவர்கள் தினம் 15 நிமிடம், நாலு நாள் தங்கள் துயரத்தை எழுதினார்கள். எழுதிய உடனே அவர்களுடைய மனநிலை இறங்கித்தான் இருந்தது. ஆனால் அது நேரம் கட்டிய, நாலே நாள் எழுத்து. இரவு பதினோரு மணிக்கு முடிவில்லாமல் எழுதுவது வேறு.

மூன்று மாற்றங்கள் செய்தோம். எழுதும் நேரத்தை மாலை இலை லாரி போன பிறகு, ஷெட்டைப் பூட்டும் முன் என்று வைத்தோம். போனில் ஏழு நிமிடம் அலாரம், அடித்ததும் பாதி வாக்கியமானாலும் நிறுத்த வேண்டும். எழுதும் முன் ஓர் எண், எழுதிய பின் ஓர் எண். பின் எண் இரண்டு புள்ளிக்கு மேல் ஏறியிருந்தால் அன்றைக்குத் திரும்ப நோட்டைத் திறக்கக் கூடாது. எழுந்து போய்த் தராசைத் துடைப்பதோ, அரவேணு பஸ் ஸ்டாப் வரை நடப்பதோ எதுவானாலும் செய்யலாம். அடுத்த பத்து நாளில் இரண்டே முறைதான் பின் எண் அப்படி ஏறியது.

மூன்றாம் வாரம் நடுவில் நல்ல மழை. நாலு நாள் ஷெட் திறக்கவில்லை, மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து லாரியும் வரவில்லை. குறிப்பும் இல்லை. விட்டுப்போனதை ஞாபகத்தில் இருந்து நிரப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நாலு நாள் கழித்து எழுதினால் நடந்தது வராது, நடந்ததைப் பற்றி இப்போது என்ன நினைக்கிறோம் என்பதுதான் வரும். ‘மழை, 4 நாள்’ என்று எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

அந்த வாரக் கடைசியில் இருவரும் உட்கார்ந்து முதல் இரண்டு வாரத்துப் பன்னிரண்டு குறிப்புகளையும் ஒன்றாக வாசித்தோம். இப்போதுதான் வலப்பக்கத்துக்கு வேலை வந்தது. முதலில் அவருடைய அலுப்புக் கணக்கைப் பார்த்தோம். ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோ வந்தது என்பது ஷெட் பதிவேட்டில் இருந்தது, அதைக் குறிப்புக்கு எதிரே எழுதினார். பன்னிரண்டில் ஐந்துதான் இலை அதிகம் வந்த நாள், ஏழு குறைவாக வந்த நாள். “அப்போ அலுப்பு இல்லையா?” என்று அவரே கேட்டார். மாமியார் இருந்த குறிப்புகள் இரண்டே இரண்டு. ஆனால் ஒன்பது குறிப்புகளில், ஏதோ ஒரு விஷயம் முடிவான பிறகுதான் அவர் காதுக்கு வந்திருந்தது. பெண் பார்க்கப் போகும் நாள். தோட்டத்து ஓரம் நின்ற சில்வர் ஓக் மரம் இரண்டை விற்றது. மகனை டியூஷன் மாற்றியது. ஷெட்டில் லாரி நேரத்தை மாற்றியது.

இங்கே நிறுத்திவிடத் தோன்றும். காரணம் கிடைத்துவிட்டது மாதிரி இருக்கும். நான் பார்த்த வரையில் குறிப்பேடு எழுதுகிறவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். கோபம் வந்தபோது மட்டும் எழுதியிருக்கிறோம். அவரைக் கேட்காமல் ஒன்று முடிவாகி, கோபம் வராமல் போன நேரங்கள் எத்தனை? அது நோட்டில் இல்லை. அந்தப் பக்கம் தெரியாமல், கேட்காமல் முடிவெடுப்பதுதான் கோபத்தைக் கிளப்புகிறது என்று சொல்ல முடியாது.

அதனால் நாலாம் வாரக் கேள்விகளைத் திருப்பினோம்: “இன்று என்னைக் கேட்காமல் முடிவானவை எவை? அவற்றில் காது சூடாகாதது எது? அங்கே ஆள் யார்?” அந்த வாரம் இப்படி ஆறு கிடைத்தன. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை மாமியாரே முடிவு செய்தது. ரேஷன் கடையில் நாளை மாற்றியது. கட்டபெட்டில் இருக்கும் அவருடைய அம்மா, தீபாவளிக்கு வரப்போவதில்லை என்று தானே முடிவு செய்துவிட்டுப் போனில் சொன்னது. இன்னும் மூன்று. எதிலும் காது சூடாகவில்லை. சூடானவற்றில் இருந்தது மூன்றே பேர்: கணவர், கொழுந்தனார், ஷெட் முதலாளி.

அப்போது அவரிடம் ஒரு வேலை கொடுத்தேன். ‘கோபம்’ என்ற சொல்லை ஒரு வாரம் பயன்படுத்தாமல் எழுத வேண்டும். வேறு சொல் தேடுங்கள், உங்கள் அம்மா, பாட்டி சொல்லும் சொல்லாக இருந்தாலும் சரி. ஒரு பக்கம் முழுக்கச் சொற்களை எழுதி வந்தார்: எரிச்சல், கடுப்பு, ஆத்திரம், ரோஷம், அவமானம், ஆற்றாமை, சலிப்பு, ஏக்கம், மனத்தாங்கல். பழைய குறிப்புகளுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். கடுப்பு என்பது தராசு மக்கர் செய்த நாளுக்குப் பொருந்தியது. குன்னூர்ப் பயணத்துக்கும் சில்வர் ஓக்குக்கும் பொருந்தவில்லை. மனத்தாங்கல் என்ற சொல்லில் விரல் நின்றது. “இது வேறயாரு மேலயும் வராதுல்ல அக்கா? நம்மளோட ஆளு மேலதான் வரும்.”

அந்தச் சொல் அப்படிப்பட்டது. பஸ் கண்டக்டர் மேல் நமக்கு மனத்தாங்கல் வராது. உரிமை இருக்கிறது என்று நாம் நம்பும் ஆள், அந்த உரிமையைக் கண்டுகொள்ளாமல் நடக்கும்போதுதான் வரும். முதலாளி அந்த மூன்று பேரில் ஏன் இருந்தார் என்பதும் இப்போது புரிந்தது. பதினோரு வருடம் அந்த ஷெட்டின் கணக்கு இவர் கையில் இருந்திருக்கிறது. பேசாமல் இருப்பதற்கும் அவரே ஒரு சொல் சொன்னார்: வீம்பு. கோபம் என்று மட்டும் வைத்திருந்தால் அதை அடக்குவது எப்படி என்றுதான் யோசித்திருப்போம். மனத்தாங்கல் என்றால் அதைச் சொல்லித் தீர்க்க ஓர் ஆள் இருக்கிறார். எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதே மாறிவிட்டது.

வலப்பக்கத்தில் அவர் எழுதிய வாக்கியம் இது: “எனக்கு உரிமை இருக்குன்னு நான் நினைக்கறவங்க என்னைக் கேட்காம முடிவு பண்ணினா, ‘நான் இங்க கணக்கில இல்ல’ன்னு எடுத்துக்கறேன். காது சூடாகுது. சரின்னு சொல்லிட்டுப் பேசாம இருக்கேன். அவங்களா வந்து கேக்கறாங்க, அது வேண்டியிருக்கு. பையன் பயப்படறான்.” சூழல், எடுத்துக்கொண்ட அர்த்தம், உடம்பு, செயல், கிடைத்தது, போனது. ஆறும் இதில் இருக்கின்றன. முதல் மூன்று வாரம் இந்த வாக்கியத்தை எழுதச் சொல்லியிருந்தால் ‘எனக்குக் கோபம் அதிகம்’ என்பதைத் தாண்டியிருக்காது.

ஐந்தாம் வாரத் தொடக்கத்தில் ஒரே ஒரு பழைய பக்கம். கேள்வி: “இதே சூடு உடம்பில் முதன்முதலில் எப்போது வந்ததாக நினைவு? அதை ‘நான்’ என்று எழுதாமல், ‘அந்தப் பெண்’ என்று எழுது.” தன்னைத் தள்ளி நின்று பார்த்து எழுதினால் விவரம் வரும், பழைய வேதனை அப்படியே மேலே ஏறாது. ஈதன் கிராஸும் ஓஸ்லெம் அய்டுக்கும் இதைப் பற்றிச் செய்த ஆய்வுகள் இருக்கின்றன. அவர் எழுதியது: பதினோரு வயதுப் பெண் பள்ளி விட்டு வருகிறாள். வாசலில் லாரி. பாத்திரம், பாய், தையல் மிஷின் எல்லாம் ஏறியாகிவிட்டது. அப்பாவுக்குக் கூடலூர்ப் பக்கம் எஸ்டேட்டில் வேலை கிடைத்திருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் ஒரு வாரமாகத் தெரியும். அவளிடம் சொன்னால் அழுவாள் என்று சொல்லவில்லை. அவள் ‘சரி’ என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறினாள்.

இதைப் படித்துவிட்டு, “இதுதான் காரணமா?” என்று கேட்டார். அப்படிச் சொல்ல மாட்டேன் என்றேன். இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றன, அவ்வளவு தெரிகிறது. ஞாபகம் இன்றைய மனசுக்குப் பொருந்துவதைத்தான் எடுத்துக் கொடுக்கும். அந்தப் பக்கத்தை ஒரு முறைக்கு மேல் எழுத வேண்டாம் என்றும் சொன்னேன். பழைய கதையைத் தோண்டத் தொடங்கினால் இரவு பதினோரு மணிப் பக்கங்கள் திரும்பி வந்துவிடும்.

அப்புறம் சோதனை. காது சூடானதும் ‘சரி’ என்பதற்குப் பதிலாக ஒரு வாக்கியம் சொல்லிப் பார்ப்பது. சொல்லும் முன் நோட்டில் மூன்று கேள்விகள்: “சொன்னால் என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்? நூற்றுக்கு எத்தனை நிச்சயம்? என்ன நடந்தால் என் நினைப்பு தவறு என்று ஒத்துக்கொள்வேன்?” அவர் எழுதியது: “‘உனக்கெதுக்கு இதெல்லாம்’னு சொல்வார். 80.”

முதல் முயற்சி கெட்டது. “இதை எப்பதான் என்கிட்ட சொல்றதா இருந்தீங்க?” என்று கேட்டிருக்கிறார், அது நேராகச் சண்டையில் முடிந்தது. நோட்டில் அந்த வாக்கியத்தை எழுதிப் பார்த்தபோதே தெரிந்தது, அது கேள்வி இல்லை, குற்றச்சாட்டு. அடுத்ததை எழுதியே தயார் செய்தார்: “எனக்கும் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.” இரண்டாம் முறை கணவர், “மறந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு டிவியைப் பார்த்தார். இவர் அதை எழுதும்போது, “உனக்கெதுக்குன்னு சொல்லலை” என்று சேர்த்திருந்தார். மூன்றாம் முறை, கொஞ்ச நேரம் கழித்து, பெண் வீட்டார் என்ன கேட்டார்கள் என்பதைக் கணவரே உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்.

ஆறாம் வாரம் முதல் வாரத்துப் பக்கங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சூட்டின் அளவு 7இல் இருந்து 6க்கு வந்திருந்தது. அது ஒன்றும் பெரிய மாற்றம் இல்லை, அவரிடமும் அப்படியே சொன்னேன். மாறியது நேரம். ஒரு ராத்திரி நீண்ட மௌனம் கடைசி வாரத்தில் அதிகபட்சம் இரண்டு மணி நேரம். குறிப்பு எழுதுவதே நடத்தையைக் கொஞ்சம் மாற்றிவிடும் என்பது தெரிந்ததுதான், ஆகவே எழுதுவதை நிறுத்திய பின்னும் இது நிற்குமா என்று பார்க்க ஒரு மாதம் கழித்து வரச் சொன்னேன்.

ஷெட்டில் எதுவும் மாறவில்லை. முதலாளியிடம் அந்த வாக்கியத்தைச் சொல்ல முடியவில்லை, சம்பளம் தருகிறவர். அங்கே வேறு வாக்கியம் வேண்டும் என்று அவருக்கே தெரிகிறது, இன்னும் கிடைக்கவில்லை.

டிசம்பர் கடைசியில் வந்தார். காலையில் தேயிலை மேல் உறைபனி கொட்டியிருந்ததாகச் சொன்னார். நோட்டில் பாதிக்கு மேல் பக்கம் மிச்சம் இருந்தது. இப்போது தினமும் எழுதுவதில்லை, காது சூடானால் மூன்று வரி மட்டும்: யார், என்ன சொல், எவ்வளவு நேரம். கடைசிக் குறிப்பில் எழுத்து ‘ம’ என்று இருந்தது. மகன். கேட்காமல் நண்பனோடு ஊட்டிக்குப் போய்விட்டு வந்திருக்கிறான். சொல்: மனத்தாங்கல். நேரம் என்ற இடத்தில் எழுதியிருந்தார்: “அவன் சாப்பிட உக்காரும் வரைக்கும்.”